பேப்பரில் போட்ட ஸ்டோரிபோர்டு எங்கே சிக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

பவர்பாயிண்ட்டைத் திறப்பதற்கு முன்னால் பேப்பரில் ஸ்லைடுகளின் ஓட்டத்தை வரைந்து பார்ப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வரைந்தது சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பவர்கள் குறைவு. கட்டங்கள் நிரம்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து அப்படியே ஸ்லைடுகளாக மாற்றிவிடுகிறார்கள். பேப்பரில் இரண்டு நிமிடத்தில் சரியாகியிருக்க வேண்டிய கோளாறு, ஸ்லைடு ஆன பிறகு அரை நாளைத் தின்னும். அதற்குள் அந்த ஸ்லைடுக்கு நிறம் போட்டு, சார்ட் போட்டு, அதைக் கலைக்க மனமே வராமல் போயிருக்கும். அதனால் கோளாறுகளை அறிகுறி வாரியாக எடுத்துக்கொண்டு, எதை வைத்துக் கண்டுபிடிப்பது, பேப்பரிலேயே எப்படித் தீர்ப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் பொருள்கள். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுத் துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 105க்கு 74 மில்லிமீட்டர். ஒரு துண்டு ஒரு ஸ்லைடு. ஸ்டிக்கி நோட் இருந்தாலும் சரி. ஒரே தாளில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு வரைவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் அம்புக்குறி போட வேண்டும்; மூன்று அம்புக்குறிக்கு மேல் போனால் யாரும் மாற்றாமல் விட்டுவிடுவார்கள். எழுதுவதற்குத் தடித்த ஸ்கெட்ச் பேனா. பால்பாயிண்ட் பேனா கையில் இருந்தால் ஒரு துண்டில் முப்பது வார்த்தை எழுதிவிடலாம், அது ஆபத்து. ஸ்கெட்ச் பேனாவில் பத்து வார்த்தைக்கு மேல் எழுத இடம் இருக்காது.

துண்டின் மேலே ஒரு வாக்கியம், நடுவில் கிறுக்கலாக ஒரு படம், கீழே வலது மூலையில் எத்தனை நிமிடம் என்ற எண், இடது மூலையில் இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்ற குறிப்பு. தகவல் இன்னும் கைக்கு வரவில்லை என்றால் அங்கே ஒரு சிவப்புப் புள்ளி. இவ்வளவுதான் அமைப்பு.

விளக்குவதற்கு ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஒரு கிராமத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம், பாலை ஊரிலேயே குளிர வைக்கும் பல்க் கூலர் வாங்க வங்கியில் கடன் கேட்கப் போகிறது. கிடைத்திருக்கும் நேரம் 15 நிமிடம். சங்கம் தினமும் 1,200 லிட்டர் அனுப்புகிறது, காலையில் 700, மாலையில் 500. கேட்கும் கடன் 10 லட்சம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் முதல் வரைவு எப்படி வரும் என்பது மட்டும் கற்பனை இல்லை. எந்த ஊர், எந்தத் தொழில் என்றாலும் இப்படித்தான் வருகிறது.

அறிகுறி: துண்டுகளை வரிசையாக வாசித்தால் புத்தகத்தின் பொருளடக்கம் போல இருக்கிறது

முதல் வரைவில் ஒன்பது துண்டுகள். சங்கத்தின் அறிமுகம், வரலாறு, உறுப்பினர்கள், பால் சேகரிப்பு முறை, எதிர்கொள்ளும் பிரச்சனைகள், பல்க் கூலர் பற்றி, செலவு விவரம், பயன்கள், கடன் கோரிக்கை. பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

சோதனை சுலபமானது. படங்களைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே உள்ள வரிகளை மட்டும் சத்தமாக, முதலிலிருந்து கடைசி வரை, விஷயம் தெரியாத ஒருவரிடம் வாசியுங்கள். முடிந்ததும் "இவங்க என்ன கேக்கறாங்க, ஏன் கேக்கறாங்க?" என்று அவரிடம் கேளுங்கள். மேலே உள்ள ஒன்பதை வாசித்தால் அவரால் சொல்ல முடிவது ஒன்றுதான்: ஏதோ ஒரு பால் சங்கம் கடன் கேட்கிறது. எவ்வளவு, எதற்கு, கொடுத்தால் திரும்பி வருமா என்று எதுவும் தெரியாது.

காரணம், ஒவ்வொரு துண்டிலும் தலைப்பு இருக்கிறது, சொல்லவரும் விஷயம் இல்லை. "எதிர்கொள்ளும் பிரச்சனைகள்" என்பதை யாரும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது எதையுமே சொல்லவில்லை. துண்டின் மேல் எழுதும் வரியில் ஒரு வினை இருக்க வேண்டும், அதைப் படித்து ஒருவர் "அப்படியா, உண்மையா?" என்று கேட்க முடிய வேண்டும். "எதிர்கொள்ளும் பிரச்சனைகள்" என்பதை அடித்துவிட்டு "ஏப்ரல், மே மாதங்களில் 12 நாள் மாலைப் பால் திரும்பி வந்தது" என்று எழுதினால், உடனே கேள்வி வரும். எவ்வளவு நட்டம்? 500 லிட்டர், லிட்டர் 35 ரூபாய், 12 நாள்: 2,10,000 ரூபாய். அந்த எண்ணும் துண்டில் ஏறுகிறது. படமும் தானாக வந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு 61 கட்டங்கள், அதில் 12 கட்டம் கறுப்பு.

இப்படி ஒன்பதையும் மாற்றும்போது சில துண்டுகள் வாக்கியமாக மாறவே மாட்டா. "சங்கத்தின் வரலாறு" என்பதற்கு வினை போட்டுப் பாருங்கள். "சங்கம் பல ஆண்டுகளாக நடக்கிறது" என்று வரும். இது கடனைப் பற்றிய முடிவுக்கு உதவுமா? "சங்கம் இதுவரை வாங்கிய கடனைத் தவணை தவறாமல் கட்டியிருக்கிறது" என்று எழுத முடிந்தால் அது வங்கிக்குத் தேவையான விஷயம், துண்டு தங்கும். எழுத முடியவில்லை என்றால் துண்டைக் கசக்கிப் போட்டுவிடலாம். ஸ்லைடாக இருந்தால் அதில் பழைய போட்டோ ஒன்று ஏறியிருக்கும், எடுக்கவே முடியாது.

அறிகுறி: இரண்டு துண்டுகளை இடம் மாற்றினாலும் ஒன்றும் ஆகவில்லை

வாக்கியங்கள் வந்துவிட்டன, ஆனாலும் ஓட்டம் இல்லை. ஒவ்வொரு ஸ்லைடும் தனித்தனியாக நன்றாகவே இருக்கிறது. கேட்பவருக்கு மட்டும் அலுப்புத் தட்டுகிறது.

அடுத்தடுத்து இருக்கும் இரண்டு துண்டுகளை இடம் மாற்றி வைத்து மறுபடி வாசியுங்கள். வித்தியாசமே தெரியவில்லை என்றால் அவை ஒன்றோடொன்று இணையவில்லை. உறுதி செய்துகொள்ள, துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு அந்த இடத்தில் என்ன சொல் வருகிறது என்று பாருங்கள். "ஆனால்", "அதனால்", "ஏனென்றால்", "அப்படியென்றால்" ஆகியவற்றில் ஒன்று வந்தால் கட்டு இருக்கிறது. "அப்புறம்", "மேலும்" மட்டுமே வருகிறது என்றால் கட்டு இல்லை.

நம் உதாரணத்தில் இரண்டாவது வரைவு இப்படி நின்றது. சங்கம் தினமும் 1,200 லிட்டர் அனுப்புகிறது. மேலும் 140 குடும்பங்கள் இதை நம்பி இருக்கின்றன. மேலும் கோடையில் 12 நாள் பால் திரும்பி வந்தது. மேலும் பல்க் கூலர் பாலை 4 டிகிரிக்குக் குளிர வைக்கும். மேலும் போக்குவரத்துச் செலவும் குறையும். ஐந்து வாக்கியமும் உண்மைதான். ஆனால் பால் ஏன் திரும்பி வந்தது என்ற கேள்விக்குத் துண்டே இல்லை. அது இல்லாததால்தான் பால் திரும்பி வந்ததிலிருந்து கூலருக்குத் தாவ வேண்டியிருக்கிறது, அந்தத் தாவலை "மேலும்" மூடி மறைக்கிறது.

விட்டுப்போன துண்டைச் சேர்த்தால் வரிசை தானாக இறுகும். சங்கம் 1,200 லிட்டர் அனுப்புகிறது. ஆனால் கோடையில் 12 நாள் மாலைப் பால் திரும்பி வந்தது. ஏனென்றால் கறந்த பால் குளிராமல் வெகுநேரம் இருக்கிறது. அதனால் ஊரிலேயே குளிர வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் மாலைப் பாலை இரவு முழுக்க வைத்திருந்து காலைப் பாலோடு அனுப்பலாம், அதனால் மாலை வண்டி தேவைப்படாது. இப்போது எந்த இரண்டை இடம் மாற்றினாலும் அர்த்தம் உடையும். 140 குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்கலாம். 1,200 லிட்டர் துண்டிலேயே ஒரு வரியாக உட்கார்ந்துவிட்டன. தனி ஸ்லைடு கேட்கும் அளவுக்கு அந்தத் தகவலுக்கு இங்கே வேலை இல்லை.

இணைக்கும் சொற்களைத் துண்டுகளுக்கு நடுவே சின்னச் சீட்டில் எழுதி வைப்பது நல்லது. பேசும்போது ஒரு ஸ்லைடிலிருந்து அடுத்ததற்குப் போகும் வாக்கியம் அதுவாகவே இருக்கும்.

அறிகுறி: நடுக் கட்டத்தில் என்ன வரைவது என்றே தெரியவில்லை

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான அறிகுறி. பேப்பரில் ஸ்டோரிபோர்டு போடுவதன் முழுப் பலனும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மேலே வாக்கியம் எழுதியாகிவிட்டது, நடுவில் கை ஓடவில்லை. பலர் "எனக்கு வரையத் தெரியாது" என்று சொல்லி, நான்கு புள்ளி போட்டு நான்கு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வரையத் தெரியாதது காரணமே இல்லை. கட்டம், கோடு, வட்டம், அம்பு இந்த நான்கு மட்டும் போதும்.

உண்மையான காரணம் இரண்டில் ஒன்று. ஒன்று, அந்த வாக்கியம் எதை எதோடு ஒப்பிடுகிறது என்று எழுதியவருக்கே தெளிவாகவில்லை. இல்லையென்றால், அதை நிரூபிக்கும் தகவல் கையில் இல்லை.

எது என்று கண்டுபிடிக்க, வாக்கியத்தைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதை நம்பாத ஒருவருக்கு எதைக் காட்டினால் நம்புவார்? காலம் போகப் போக மாறுவதைக் காட்ட வேண்டுமென்றால் ஏறி இறங்கும் கோடு. இரண்டு மூன்று பொருள்களில் எது பெரியது என்றால் பட்டைகள். ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலை என்றால் அம்புகள். இடம் முக்கியம் என்றால் வரைபடம். கேள்விக்குப் பதில் வந்து, ஆனால் எண் இல்லை என்றால், படத்தின் வடிவத்தை மட்டும் வரைந்து அச்சுகளில் என்ன வரும் என்று எழுதி, மூலையில் சிவப்புப் புள்ளி வைத்துவிடுங்கள். பதிலே வரவில்லை என்றால் வாக்கியத்தைத் திருத்த வேண்டும்.

பால் சங்கத்தின் நான்காவது துண்டை அருகில் வைத்துப் பார்ப்போம். அதில் முதலில் எழுதியிருந்தது: "வண்டி தாமதமாவதால் மாலைப் பால் கெடுகிறது." சங்கத்தில் எல்லாரும் சொல்வது இதைத்தான். இதை எப்படி வரைவது? நேரம் சம்பந்தப்பட்டது என்பதால் துண்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்து நேரங்களைக் குறிக்கலாம். 4.30க்குக் கறவை தொடங்குகிறது. 5 மணிக்குச் சங்கத்தில் பால் எடுக்க ஆரம்பித்து 6 மணிக்கு முடிக்கிறார்கள். 6.45க்கு வண்டி வருகிறது. 8 மணிக்குக் குளிரூட்டும் நிலையத்தில் பால் இறங்குகிறது. கறக்கும்போது பால் மாட்டின் உடல் சூட்டில், ஏறத்தாழ 38 டிகிரியில் இருக்கும். 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் பாக்டீரியா பெருகுவது அடங்கும். அதுவரை மூன்றரை மணி நேரம், கோடை வெயிலில், கேனுக்குள்.

கோட்டை வரைந்ததும் ஒன்று தெரிகிறது. வண்டி தாமதமாகவே வரவில்லை. அது வர வேண்டிய நேரமே 6.45தான். ஐந்து மணிக்கு முதல் ஆளாக ஊற்றிய பால் சங்கத்தில் காத்திருப்பது ஒன்றே முக்கால் மணி நேரம். சாலையில் போவது ஒன்றேகால் மணி நேரம்தான். ஆக வாக்கியம் தப்பு. "கறந்த பால் குளிராமல் மூன்றரை மணி நேரம் இருக்கிறது, அதில் பாதி நேரம் சங்கத்திலேயே போகிறது" என்று மாற்ற வேண்டும். பேப்பரில் இது ஒரு வரியை அடித்து இன்னொரு வரி எழுதுவதோடு முடிந்தது. இதைக் கவனிக்காமல் வங்கியில் போய் "வண்டி தாமதம்" என்று ஸ்லைடு போட்டிருந்தால், மேலாளர் கேட்பது இதுவாகத்தான் இருக்கும்: "வண்டியை முன்னாடியே வரச் சொன்னா போதுமே சார், அதுக்கு எதுக்குப் பத்து லட்சம்?"

அந்தக் கேள்விக்கும் ஒரு துண்டு வேண்டும் என்பது இப்போதுதான் தெரிகிறது. அதே கோட்டில் வண்டியை 6 மணிக்கு நகர்த்திப் பாருங்கள். அதற்கு முன் வர முடியாது, பால் எடுத்து முடிந்திருக்காது. 7.15க்குப் போய்ச் சேரும். இரண்டே முக்கால் மணி நேரம். குறைந்தது வெறும் 45 நிமிடம். "வண்டி முன்னால் வந்தாலும் மிச்சமாவது 45 நிமிடம்தான்" என்று ஐந்தாவது துண்டு பிறந்துவிட்டது. படமும் தயார், ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள், ஒன்று சற்றே குட்டை.

இதிலேயே ஒரு சிவப்புப் புள்ளியும் இருக்கிறது. வண்டி ஏறும்போதும் நிலையத்தில் இறங்கும்போதும் பாலின் வெப்பநிலை என்ன என்று சங்கத்தில் யாரும் அளந்து எழுதி வைக்கவில்லை. வங்கியில் பேச இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றால், ஒரு வாரம் தினமும் மாலை தெர்மாமீட்டரை முக்கிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினால் போதும். சிவப்புப் புள்ளி உள்ள துண்டுகளை மட்டும் தனியே எடுத்து, யார், எந்தத் தேதிக்குள் கொண்டுவருவது என்று பின்பக்கம் எழுதிவிடுங்கள். ஸ்லைடு செய்யும் வேலையை விட இது முன்னால் தொடங்க வேண்டிய வேலை. கடைசி நாளில் தெரிந்தால் அளக்க நேரம் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. எண் வருவதற்கு முன்னால் படத்தின் வடிவத்தை வரைவது, நாம் விரும்பும் பதிலை முன்கூட்டியே தீர்மானிப்பது போல ஆகிவிடக் கூடாது. அளந்த எண் வாக்கியத்துக்கு எதிராக வந்தால் மாற வேண்டியது வாக்கியம்தான். அதனால் சிவப்புப் புள்ளி உள்ள துண்டில் மேலே உள்ள வரியைப் பென்சிலில் எழுதும்படி நான் சொல்வதுண்டு.

அறிகுறி: துண்டில் இடம் போதவில்லை, எழுத்து சிறிதாகிக்கொண்டே போகிறது

பெரும்பாலும் ஒரே துண்டில் இரண்டு விஷயம் ஏறியிருக்கும். வாக்கியத்தின் நடுவில் "மற்றும்" அல்லது "-உம் -உம்" இருக்கிறதா என்று பாருங்கள். "கூலர் பாலைக் காப்பாற்றும், போக்குவரத்துச் செலவையும் குறைக்கும்" என்பது இரண்டு துண்டு. வெட்டிவிடுங்கள். வெட்டிய பிறகும் நெருக்கமாக இருக்கிறது என்றால், அது திரையில் காட்ட வேண்டியது இல்லை, கையில் கொடுக்க வேண்டிய தாள். கூலரின் விலைப்பட்டியல், மும்முனை மின் இணைப்புச் செலவு, ஜெனரேட்டர் கொட்டேஷன் எல்லாம் அப்படிப்பட்டவை. துண்டில் மொத்தத் தொகையை மட்டும் பெரிதாக எழுதி, ஓரத்தில் "தாளில்" என்று குறித்துவிட்டால் போதும்.

அறிகுறி: கேட்க வேண்டியதைக் கடைசித் துண்டில்தான் கேட்கிறோம்

துண்டுகளை மேஜையில் பரப்பி, "இதுக்காகத்தான் வந்திருக்கோம்" என்று சொல்லும் துண்டு எங்கே இருக்கிறது என்று விரலை வையுங்கள். ஒன்பதில் ஒன்பதாவது என்றால், கேட்பவர் எட்டு ஸ்லைடுகளாக "எவ்வளவு கேக்கப் போறாங்க" என்ற நினைப்பிலேயே உட்கார்ந்திருப்பார். வங்கி மேலாளர், துறைத் தலைவர் போன்றவர்கள் மூன்றாவது ஸ்லைடிலேயே நிறுத்தி "சரி, எவ்வளவு?" என்று கேட்டுவிடுவார்கள். அங்கிருந்து வரிசை கலைந்துவிடும்.

அந்தத் துண்டை எடுத்து முதலில் வையுங்கள். "பல்க் கூலருக்கு 10 லட்சம் கடன் கேட்கிறோம், கூலரால் மிச்சமாகும் பணத்திலேயே ஐந்து ஆண்டில் கட்டிவிடுவோம்." இப்போது மற்ற எல்லாத் துண்டுகளும் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டியவை ஆகிவிடுகின்றன. கணக்குத் துண்டும் எப்படி இருக்க வேண்டும் என்று புரிகிறது. மாலை வண்டி நின்றால் நாளுக்கு 900 ரூபாய், ஆண்டுக்கு 3,28,500. கோடையில் தப்பும் பால் 2,10,000. மின்சாரம், பராமரிப்புக்கு 2,00,000 கழித்தால் மிச்சம் 3,38,500. வட்டி 11 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 21,750, ஆண்டுக்கு 2,61,000. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பட்டை: மிச்சம் உயரம், தவணை அதைவிடக் குட்டை. இந்த ஒரு படத்துக்காகத்தான் அந்த அறையில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி முன்னால் வைக்க முடியாது. கேட்பவர்கள் ஏற்கெனவே எதிர்ப்பில் இருக்கிறார்கள் என்றால், முதல் வரியிலேயே முடிவைச் சொன்னால் மீதியைக் காதில் வாங்க மாட்டார்கள். இதே விஷயத்தைச் சங்க உறுப்பினர்களின் பொதுக்குழுவில் சொல்கிறோம், அவர்களில் பாதிப் பேர் கடன் வாங்குவதையே விரும்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே திரும்பி வந்த 12 நாள் பாலில் தொடங்கி, வண்டியை மாற்றினால் தீருமா என்று அவர்களோடு சேர்ந்து பார்த்து, அப்புறம்தான் கூலருக்கு வர வேண்டும். துண்டுகள் அதேதான், அடுக்கு மட்டும் வேறு. துண்டுகளாக இருப்பதால் அடுக்கை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு அடுக்கையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: நிமிடங்களைக் கூட்டினால் நேரத்தைத் தாண்டுகிறது

15 நிமிடம் கிடைத்தால் பேச 10 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், மீதி கேள்விகளுக்கு. மூலையில் உள்ள எண்களைக் கூட்டினால் 13 வருகிறது என்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் குறைப்பது வேலைக்கு ஆகாது. பேசும்போது அது நடக்காது. ஒரு துண்டையாவது முழுதாக எடுங்கள். எந்தத் துண்டை எடுத்தாலும் முன்னும் பின்னும் உள்ள "அதனால்" உடையாமல் இருக்கிறதோ அதுதான் போக வேண்டியது. எடுத்ததைத் தூக்கிப் போடாமல் தனியே வையுங்கள். மின்வெட்டு வந்தால் என்ன செய்வோம் என்ற துண்டு அப்படி ஒதுங்கலாம், ஆனால் அந்தக் கேள்வி வருவது நிச்சயம். கடைசி ஸ்லைடுக்குப் பின்னால் அதை வைத்திருந்தால் கேட்டதும் திறந்து காட்டலாம்.

அறிகுறி: பேப்பரில் நன்றாக இருந்தது, சாஃப்ட்வேருக்குப் போனதும் சிதறிவிட்டது

இது இரண்டு வழியில் நடக்கிறது. பழைய பிரசன்டேஷனிலிருந்து "இது ஏற்கெனவே இருக்கே" என்று ஸ்லைடுகளை எடுத்து ஒட்டுகிறார்கள், அவற்றோடு பழைய தலைப்புகளும் வந்து சேர்கின்றன. இல்லையென்றால் டெம்ப்ளேட்டில் தலைப்புக்கு ஒரு வரி இடமும் கீழே புள்ளிகளுக்குப் பெரிய பெட்டியும் இருப்பதால், வாக்கியம் சுருங்கி "பிரச்சனைகள்" என்று மறுபடி ஆகிவிடுகிறது, படம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் நிரம்புகின்றன.

இதைத் தடுக்க, முதலில் வாக்கியங்களை மட்டும் உள்ளே கொண்டுபோங்கள். நோட்பேடில் ஒரு வரிக்கு ஒரு துண்டின் வாக்கியம் என்று தட்டச்சு செய்து சேமித்து, பவர்பாயிண்ட்டில் Home பகுதியில் New Slide பட்டனின் கீழ்ப்பட்டியலில் உள்ள Slides from Outline வழியாக அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு வரியும் ஒரு ஸ்லைடின் தலைப்பாக வந்து நிற்கும். தமிழ் எழுத்து குளறுபடியாக வந்தால் வேர்டில் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரிக்கும் Heading 1 கொடுத்து அந்த ஃபைலை எடுங்கள். கைவசம் அந்த வசதி இல்லையென்றால் View பகுதியில் Outline View போய் இடதுபக்கத்தில் தலைப்பை எழுதி Enter தட்டினால் அடுத்த ஸ்லைடு உருவாகும். எல்லாத் தலைப்பும் ஏறும் வரை ஒரு படமும் போடாதீர்கள்.

அப்புறம் தலைப்புப் பெட்டியை இரண்டு வரி கொள்ளும்படி ஸ்லைடு மாஸ்டரிலேயே ஒரு முறை பெரிதாக்கிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஒவ்வொரு ஸ்லைடிலும் வாக்கியத்தைச் சுருக்கச் சொல்லி அந்தப் பெட்டி நெருக்கிக்கொண்டே இருக்கும். தமிழில் ஒரு சொல்லே நீளம் என்பதால் இங்கே இது இன்னும் அவசியம்.

துண்டுகளைச் சுவரிலோ மேஜையிலோ அடுக்கியபடி விட்டுவைத்து, ஒவ்வொரு ஸ்லைடு முடிந்ததும் அதற்கான துண்டில் டிக் போடுங்கள். நடுவில் ஒரு எண் மாறி வாக்கியமும் மாற வேண்டி வந்தால், திரையில் மாற்றுவதற்கு முன்னால் துண்டில் மாற்றி, அதன் இருபக்கமும் உள்ள இரண்டு துண்டுகளை ஒரு முறை வாசித்துப் பாருங்கள். ஒரு வார அளவீட்டில், வண்டி ஏறும்போதே பால் 34 டிகிரியில் இருக்கிறது என்று வந்தால் நான்காவது துண்டு இன்னும் வலுக்கும், ஐந்தாவது அப்படியே நிற்கும். 26 டிகிரி என்று வந்தால் சாலையைப் பற்றியும் கேனைப் பற்றியும் மறுபடி யோசிக்க வேண்டும். அப்போது ஐந்தாவது துண்டிலிருந்து கூலர் துண்டுக்குப் போகும் "அதனால்" நிற்குமா என்று பார்த்த பிறகுதான் ஸ்லைடைத் தொட வேண்டும்.